வண்டி எண் காட்டிக்கொடுத்த வீடு

1960களின் நடுவில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரப் பூங்காக்களில், ஆண்கள் கழிப்பறை வாசலில் ஒருவர் காவலுக்கு நிற்பார். போலீஸோ புது ஆளோ வந்தால் உள்ளே இருப்பவர்களுக்குச் சாடை காட்டுவது அவர் வேலை. உள்ளே முன்பின் அறியாத ஆண்கள் சந்தித்து, பேச்சே இல்லாமல் உறவு கொண்டு பிரிந்தார்கள். அன்றைய சட்டப்படி அது குற்றம். பிடிபட்டால் வேலை, குடும்பம், மானம் எல்லாம் போகும்.

காவல் நின்றவர் லாட் ஹம்ப்ரீஸ். பாதிரியாராக இருந்து சமூகவியல் படிக்க வந்தவர். கண்டதைக் குறித்துக்கொண்டார், யார் பெயரையும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரிடம் மட்டும் தான் ஆய்வாளர் என்று சொல்லி மனம்விட்டுப் பேச வைத்தார். ஆனால், அப்படிப் பேச முன்வருகிறவர்கள் ஓரளவு துணிந்தவர்கள். வாய் திறக்காமல் நழுவுகிறவர்கள் யார்? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதற்காக வெளியே நின்ற கார்களின் எண்களைக் குறித்தார். சந்தை ஆய்வு என்று சொல்லி, தெரிந்த போலீஸார் மூலம் வாகனப் பதிவேட்டிலிருந்து பெயரும் முகவரியும் எடுத்தார். ஓராண்டு பொறுத்து, தலைமுடியையும் உடையையும் காரையும் மாற்றிக்கொண்டு, ஆண்களின் உடல்நலம் பற்றிய சர்வே என்று சொல்லி ஐம்பது பேரின் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவருக்கு வந்தவர் யாரென்று தெரியாது. வந்தவருக்கு எல்லாம் தெரியும். மணவாழ்க்கை, வேலை, மதம் என்று கேள்விகள் போயின.

பாதிக்கு மேற்பட்டவர்கள் மனைவியோடு குடும்பம் நடத்துகிறவர்கள். அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுத்தவர்கள். சிறுவர்களை வளைக்கும் கயவர்கள் என்று ஊர் கட்டியிருந்த கதை அதோடு பொய்த்தது. அந்தப் பன்னிரண்டு பேரை மட்டும் நம்பியிருந்தால் இது கிடைத்திருக்குமா என்பது சந்தேகமே. இந்த வழக்கின் சங்கடமே இதுதான்: உண்மையும் ஏமாற்றும் ஒரே வழியாக வந்தன.

ஆய்வு 1970இல் ‘டீரூம் டிரேட்’ என்ற புத்தகமாக வந்து பரிசும் வாங்கியது, வசவும் வாங்கியது. கழிப்பறையில் நின்று பார்த்ததை நான் பெரிய குற்றமாக எண்ணவில்லை. அங்கே யார் வேண்டுமானாலும் நுழையலாம், பெயரும் கிடையாது. தவறு வண்டி எண்ணில் தொடங்குகிறது. பெயர்ப் பட்டியலை அவர் பேங்க் லாக்கரில் வைத்துப் பூட்டியது மெய்தான். ஆனாலும் எந்த ஆபத்து வராமல் அவர் வாசலில் காவல் நின்றாரோ, அதே ஆபத்துக்கான பட்டியல் அது. நீதிமன்றம் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்ல, பாதிரியார் என்ற பழைய அங்கி அவருக்கு உதவியிருக்காது. ஒருவரும் மாட்டவில்லை என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அது அதிர்ஷ்டம், பாதுகாப்பு அல்ல.

1975இல் வந்த மறுபதிப்பில் ஹம்ப்ரீஸே இறங்கிவந்தார். இதே ஆய்வை மறுபடி செய்வதானால், இன்னும் ஓராண்டு செலவிட்டு, தெரிந்தே பேச முன்வருகிறவர்களைத் தேடுவேன் என்று எழுதினார்.