இடித்த இடத்தில் எடுக்க வேண்டிய படங்கள்

பல்லாவரம் சிக்னலில் உங்கள் கார் நிற்கிறது. பின்னால் வந்த ஆட்டோ, பின் பம்பரின் இடது மூலையில் இடித்துவிடுகிறது. யாருக்கும் காயமில்லை. நெளிந்த இடத்தை மட்டும் கிட்டப் போய் நாலு படம் எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவதுதான் நம் வழக்கம்.

அந்த நாலு படமும் சர்வேயருக்குப் பெரிதாக உதவாது. நெளிவை அவர் ஒர்க்‌ஷாப்பில் நேரிலேயே பார்த்துவிடுவார். கிளெய்ம் படிவத்தில் நீங்கள் எழுதியபடிதான் அது நடந்ததா என்பதே அவருடைய கேள்வி. அதற்குப் பதில் விபத்து நடந்த இடத்தில் மட்டுமே கிடைக்கும்.

போக்குவரத்து ஆபத்தாக இல்லையென்றால், வண்டிகளை நகர்த்தும் முன் பத்தடி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். இரண்டு வண்டிகளும், அவற்றின் நம்பர் பிளேட்டுகளும், சிக்னல் கம்பமோ கடைப் பலகையோ அதில் தெரிய வேண்டும். பிறகு, அடிபட்ட மூலையும் உங்கள் நம்பர் பிளேட்டும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி இன்னொன்று. கிட்டத்துப் படம் கடைசியில்தான். அதையும் நேராக எடுத்தால் பளபளப்பில் நெளிவு மறைந்துவிடும். ஃபிளாஷைப் போடாமல் பக்கவாட்டில் சாய்த்து எடுத்தால் பள்ளம் நிழலோடு தெரியும்.

பம்பரில் ஆட்டோவின் மஞ்சள் பெயிண்ட் ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆட்டோவின் முன்பக்கத்தில் உங்கள் காரின் நிறம் ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். இரண்டு தடங்களும் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பது தெரிந்தால் கதை பொருந்திவிடும்.

வலது பக்கக் கதவில் பழைய கீறல் இருக்கிறதா? அதையும் இதோடு சேர்த்துவிடலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் யாராவது யோசனை சொல்லக்கூடும். வேண்டாம். பின்னால் இடித்த ஆட்டோ வலது கதவைக் கீற முடியாது. ஒன்று பொருந்தாமல் போனால் மற்றவற்றின் மேலும் சந்தேகம் விழும். அது தனி விபத்து, தனி கிளெய்ம்; 1500 சிசி வரையுள்ள கார்களுக்குக் கட்டாயமாக நம் தலையில் விழும் 1,000 ரூபாயும் ஒவ்வொரு கிளெய்முக்கும் தனித்தனிதான்.

அடியில் ஆயிலோ கூலன்ட்டோ சொட்டினால் தரையிலுள்ள கறையையும், டேஷ்போர்டின் கிலோமீட்டர் எண்ணையும் எடுத்துவிட்டு, வண்டியை டோ செய்யுங்கள். கசிவோடு ஓட்டி என்ஜின் பழுதானால் அது விபத்தின் சேதமல்ல என்று மறுப்பார்கள். ஓட்டவில்லை என்பதற்கு அந்த எண்தான் ஆதாரம்.

படத்தால் முடியாததும் உண்டு. பம்பருக்குள்ளே வளைந்த இரும்பு வெளியில் தெரியாது. கழற்றிய பிறகு புதுச் சேதம் தெரிந்தால் வேலையை நிறுத்தச் சொல்லி, சர்வேயரை மறுபடி பார்க்க வையுங்கள். மூலப் படங்களைப் போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நேரமும் இடமும் பற்றிய விவரம் போய்விடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.