உஷார்! 32 லட்சம் ஃபிளாட்டுக்கு 32 லட்சம் போதாது

திருவொற்றியூர், ராயபுரம், எண்ணூர் பக்கம் சின்ன ஃபிளாட் பார்க்கிறீர்களா? டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக் கை பையை நோக்கிப் போகிறதா? கொஞ்சம் நில்லுங்கள். புரோக்கர் சொன்ன விலை பாதிக் கதைதான். மீதிக் கதை பத்திரப்பதிவு அன்றுதான் தெரியவரும். அப்போது திரும்பவும் முடியாது, முன்னே போகவும் முடியாது.

திருவொற்றியூரில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைக் கேளுங்கள். துறைமுகத்தில் வேலை பார்ப்பவர். பத்துப் பன்னிரண்டு வருஷப் பழைய ஃபிளாட், விலை 32 லட்சம். "ஐம்பது லட்சத்துக்குள்ள இருக்கிற ஃபிளாட்டுக்கு கவர்மென்ட்டு ஆறு பர்சன்ட்தான் சார்" என்றார் புரோக்கர். இவரும் கணக்குப் போட்டார். வங்கி 80 சதவீதம் தரும், கையிலிருந்து 6 லட்சத்து 40 ஆயிரம். பதிவுக்கு 6 சதவீதம், 1 லட்சத்து 92 ஆயிரம். ஆக 8 லட்சத்து 32 ஆயிரம். சேமிப்பில் எட்டரை லட்சம் இருந்தது. நிம்மதி!

அந்த 6 சதவீதம் பொய்யில்லை. ஆனால் அது அவருக்கானது இல்லை.

2023 டிசம்பர் முதல் வந்த சலுகை அது. கட்டுநரிடமிருந்து முதல்முறை விற்பனையாகும் புது ஃபிளாட்டுக்கு மட்டும்தான். 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2. ஒருவர் வாங்கிக் குடியிருந்துவிட்டு விற்கும் ஃபிளாட்டுக்கு அது கிடையாது. அதற்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். இவருக்கு வந்த கணக்கு 2 லட்சத்து 88 ஆயிரம். ஒரே வரியில் 96 ஆயிரம் இடி!

அதோடு விட்டதா? "கமிஷன் அப்புறம் பேசிக்கலாம்" என்றவர், பதிவுக்குப் பத்து நாள் முன்னால் இரண்டு சதவீதம் கேட்டார். 64 ஆயிரம். பத்திர எழுத்தர், வக்கீல் கருத்து, வங்கியின் கட்டணங்கள், கடனுக்கான எம்.ஓ.டி. பதிவு என்று இன்னும் முப்பது நாற்பதாயிரம். கையில் வேண்டியது பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீட்டம்மாவின் செயினும் வளையலும் அடகுக்கடைக்குப் போயின.

வங்கியில் கூடுதலாகக் கேட்கக்கூடாதா என்கிறீர்களா? பதிவுச் செலவை வீட்டு விலையோடு சேர்த்துக் கடன் கணக்குப் போடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்து லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு மட்டும்தான் விலக்கு. இந்தச் செலவு முழுக்க உங்கள் கைக்காசு.

இன்னொன்று. தீர்வை நீங்கள் கொடுக்கும் விலைக்கு மட்டுமில்லை. அரசின் வழிகாட்டி மதிப்பு அதைவிடக் கூடுதலாக வந்தால், அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். தெரு மதிப்பை tnreginet.gov.in தளத்தில் யாரும் பார்க்கலாம். ஃபிளாட்டுக்கு மொத்தம் எவ்வளவு வரும் என்பதைப் பதிவு நடக்கப்போகும் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது, எந்தப் பேச்சு காதில் விழுந்தால் உஷாராக வேண்டும்?

"எல்லாம் சேர்த்து மூணரை லட்சம் குடுங்க, நாங்க பார்த்துக்கிறோம்." கூடாது! தீர்வையும் கட்டணமும் அரசுக் கணக்குக்குப் போகிறவை, ரசீது உண்டு. ரசீது போக மிச்சம் எங்கே என்று கேளுங்கள். "ஆபீஸ் செலவு" என்று பதில் வந்தால், அது யார் பாக்கெட் என்று உங்களுக்கே புரியும்.

"அம்மா பேர்ல வாங்குங்க, ஒரு பர்சன்ட் குறையும்." 2025 ஏப்ரலில் வந்த சலுகை, உண்மைதான். ஆனால் பத்து லட்சம் வரையுள்ள சொத்துக்கு மட்டும். ராயபுரத்தில் பத்து லட்சத்துக்கு ஃபிளாட் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?

"பத்திரத்துல கம்மியா போட்டுக்கலாம், மீதி கேஷ்." இதுதான் பெரிய ஆபத்து. வங்கிக் கடன் குறையும். சொத்துக்காக 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை, வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது, குறைத்துக் காட்டிய விலைதான் உங்கள் வாங்கிய விலை. லாபம் பெரிதாகத் தெரியும், வரியும் கூடும்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் ஜி.எஸ்.டி. தனி. விலையில் அது சேர்ந்ததா என்று கேட்காமல் நகராதீர்கள்.

புரோக்கர் கமிஷனுக்கு ஒரே நிலையான விகிதம் கிடையாது. ஒன்று என்பார், இரண்டு என்பார். பேசுவதுதான் கணக்கு. விற்பவரிடமும் வாங்குகிறாரா என்று நேராகக் கேளுங்கள். தொகையை, எப்போது தர வேண்டும் என்பதோடு, வாட்ஸ்ஆப்பிலாவது எழுதி வாங்குங்கள். அட்வான்ஸுக்கு முன்னால் கேட்டால் அரை சதவீதமாவது இறங்குவார். பத்திரம் முடிந்தபின் இறங்க மாட்டார்.