'சரி' என்ற ஒரு வார்த்தைக்காக

ஈரோட்டில் சின்னதாகத் தையல் யூனிட் வைத்திருக்கிறார் என் சிநேகிதி. தனியார் பள்ளி ஒன்றுக்கு 400 செட் சீருடை தைக்க, அதன் தாளாளரோடு போனிலேயே எல்லாம் பேசி முடித்துவிட்டார். பிறகு வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினார்:

“சார், பேசியபடி பேமென்ட் விஷயத்தை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். பின்னால் பிரச்சினை வரக்கூடாது என்றுதான் கேட்கிறேன்.”

நீலக் குறி விழுந்தது. நான்கு நாளாகியும் பதில் இல்லை.

வராதுதான். முதல் வரி, கணக்கை எழுதும் வேலையை அவர் தலையில் வைக்கிறது. இரண்டாவது வரி, ‘உங்களை நம்பவில்லை’ என்று சொல்லாமல் சொல்கிறது. இரண்டிலும் ஒரு எண்கூட இல்லை. அவர் ‘சரி’ என்றே போட்டிருந்தாலும், எதற்குச் சரி?

இருவரும் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

“வணக்கம் சார். திங்கட்கிழமை போனில் பேசியதைக் குறித்துவைத்திருக்கிறேன். 400 செட், செட்டுக்கு ரூ.350, மொத்தம் ரூ.1,40,000. முன்பணம் ரூ.56,000. மீதி ரூ.84,000, கடைசி செட் பள்ளியில் இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள். ஏதாவது தவறாக இருந்தால் திருத்துங்கள். இல்லையென்றால் ‘சரி’ என்று மட்டும் அனுப்புங்கள். பதில் வந்ததும் துணி வெட்டத் தொடங்குகிறோம்.”

‘டெலிவரி முடிந்ததும்’ என்றுதான் முதலில் எழுதினார். அடித்துவிட்டேன். சரக்கு இறங்கினால் முடிந்ததா, பிள்ளைகளுக்கு அளவு பார்த்தால் முடிந்ததா? பாக்கி இழுபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். ‘பதில் வராவிட்டால் சம்மதம் என்று கொள்கிறேன்’ என்று சேர்க்கவும் ஆசைப்பட்டார். அது வேண்டாம், மௌனத்தைச் சம்மதமாகச் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. பதில் வந்த பிறகே கத்திரியைத் தொடுவேன் என்பதுதான் கைகொடுக்கும் வரி. போனில் பேசாத எதையும் இதில் நுழைக்கவும் கூடாது.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: “15 இல்லம்மா, 30 நாள்னுதானே சொன்னேன்.”

இருவருமே பொய் சொல்லவில்லை, ஆளுக்கொன்றை நினைவில் வைத்திருந்தார்கள். மறுபடி பேசி 20 நாள் என்று முடிவானது. அதையும் எழுதி அனுப்பி, ‘சரி’ வாங்கிய பிறகே துணி மேசைக்கு வந்தது.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் இந்தியச் சட்டப்படி செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் துணை நிற்கிறது. எழுத்தில் தேதி இல்லையென்றால், சரக்கை ஏற்ற 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். எழுத்தில் எத்தனை நாள் போட்டாலும் 45-ஐத் தாண்ட முடியாது. தாண்டினால், ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக ஏறும்.

அந்த ‘சரி’ வந்த உரையாடலை மட்டும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.