தமிழ் கற்போருக்கான பதில்கள்: தனிமொழியும் இருமொழியும்

ஒரு மொழியைக் கற்பவர் தம் ஐயத்துக்குப் பதில் பெறும்போது, அந்தப் பதில் எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது பழைய கேள்வி. கற்கும் மொழியிலேயே முழுப் பதிலும் அமைவது தனிமொழிப் பதில். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கற்பவரின் தாய்மொழியில் பொருள் தருவது இருமொழிப் பதில். மொழிபெயர்ப்பே கூடாது என்ற நேரடி முறை, 1878-இல் அமெரிக்காவில் மேக்சிமிலியன் பெர்லிட்சு தொடங்கிய பள்ளியால் பெயர் பெற்றது. தமிழில் இவ்விரு வழிகளையும் ஒருவரே கையாண்டது அதற்கும் முந்தியது. வீரமாமுனிவர் பிற பாதிரிமாருக்காகப் பேச்சுத் தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். அவரே 1732-இல் தொகுத்த சதுரகராதியில் தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் தந்தார். முன்னது வந்து இறங்கியவர்களுக்கு உதவுவது. பின்னது நூல்களுக்குள் நுழைந்துவிட்டவர்களுக்கு உதவுவது.

இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டு, வேலைக்காகக் கோயம்புத்தூருக்கு வந்து, மாலையில் ஓர் ஆசிரியரிடம் தமிழ் கற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். சில நூறு சொற்கள் தெரியும். "எனக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், தமிழிலேயே விளக்குங்கள்" என்று கேட்கிறார். இந்த ஆர்வம் நல்லதுதான். ஆனால் அது எல்லாக் கேள்விக்கும் பொருந்துமா என்பதைச் சில கேள்விகளைக் கொண்டு பார்க்கலாம்.

முதல் கேள்வி, "வந்தேன்" என்பதற்கும் "வந்துவிட்டேன்" என்பதற்கும் என்ன வேறுபாடு என்பது. தமிழிலேயே விளக்கப் புகுந்தால் துணைவினை, முற்றுப்பெற்ற செயல் என்று கேள்வியைவிடக் கடினமான சொற்கள் வந்து சேரும். இந்தியிலோ இதே வேறுபாடு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. "வந்தேன்" என்றால் "ஆயா", "வந்துவிட்டேன்" என்றால் "ஆ கயா". இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டினால் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். பின்பு "சாப்பிட்டுவிட்டேன்", "போய்விட்டான்" என்று அவரே சொல்லத் தொடங்குவார். இங்கு மொழிபெயர்ப்பை மறுப்பது வீண் பிடிவாதம். இரு மொழிகளிலும் ஒரே அமைப்பு இருக்கும் இடத்தில் இருமொழிப் பதிலே குறுக்கு வழி.

அடுத்து அவர் கேட்பது நாம், நாங்கள் பற்றி. இந்தியில் இரண்டுக்கும் "ஹம்" ஒன்றுதான். இருமொழி அட்டவணை போட்டால் இடப்பக்கம் இரண்டு சொற்கள், வலப்பக்கம் ஒரே சொல் இரண்டு முறை. படிப்பவர் இரண்டும் ஒன்றே என்று எடுத்துக்கொள்வார். பக்கத்தில் இருக்கும் பொருள் தவறில்லாததாகவே இருந்தும் அவரைத் தவறான இடத்தில் கொண்டுவிடும். இந்தக் கேள்விக்குத் தமிழே போதும். தோழரிடம் "நாம் சாப்பிடப் போகலாம்" என்றால் தோழரும் எழுந்து வருவார். "நாங்கள் சாப்பிடப் போகிறோம்" என்றால் அவர் இருந்த இடத்திலேயே இருப்பார். இவ்விரு வாக்கியங்களையும் சொல்லி, எப்போது யார் எழுகிறார் என்று நடித்துக் காட்டினால் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. விருந்தினரிடம் "நாங்கள் சாப்பிடலாமா?" என்று கேட்டு அவரைப் பட்டினி போடும் பிழையும் நேராது.

நேற்று, நாளை என்ற சொற்களிலும் இதே சிக்கல் உண்டு. இந்தியில் இரண்டுக்கும் "கல்" என்றே சொல்வார்கள். எது என்பதை வினைச்சொல்தான் காட்டும். சொல்லுக்குச் சொல் என்று பொருள் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும். முழு வாக்கியமாக எழுதினால், "நேற்று வந்தேன்", "நாளை வருவேன்" என்ற இரண்டும் இந்தியிலும் தெளிவாக வேறுபடும். ஆகவே பக்கத்தில் பொருள் தர வேண்டுமானால் வாக்கியத்துக்கு வாக்கியம் தருவதே பாதுகாப்பானது.

தனிமொழிப் பதில் எப்போது சுமையாகிறது என்பதற்கும் ஓர் அளவு உண்டு. உதவியின்றி ஒரு பத்தியைப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள 100 சொற்களில் 95 முதல் 98 வரை முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது ஆங்கிலம் கற்போரிடம் செய்த ஆய்வுகளின் பொதுவான முடிவு. தமிழுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. "வந்துகொண்டிருந்தவர்களிடம்" என்பது எண்ணிக்கையில் ஒரு சொல்; கற்பவருக்கோ அது நான்கைந்து அடுக்குகள். ஆனாலும் பத்து வரிப் பதிலில் வரிக்கு ஒரு புதுச் சொல் வந்தால் அவர் படிப்பதை விட்டு ஊகிக்கத் தொடங்கிவிடுவார் என்பதை எந்த ஆசிரியரும் அறிவார். அந்நிலையில் பதிலைத் தமிழிலேயே எழுதி, புரியாத அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கீழே இந்தியில் பொருள் தருவது நல்ல நடுவழி.

இருமொழிப் பதிலின் கேடு வேறு வகையானது. கண் தனக்குத் தெரிந்த பக்கத்துக்கே ஓடும். பதில் முழுவதையும் படித்தேன், புரிந்தது என்று கற்பவர் உண்மையாகவே நம்புவார். படித்தது இந்தியை மட்டும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. மறுநாள் தமிழ்ப் பக்கத்தை மூடிவைத்து, இந்தி வாக்கியத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால், அடுத்த முறை இந்தியைப் பக்கத்தில் வைக்காமல் தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுக்கலாம். புரட்டிப் பார்க்கும் அந்தச் சிறு தொல்லையே அவரை முதலில் தமிழைப் படிக்க வைக்கும்.

இனி, கற்பவர் வேண்டாம் என்றாலும் இரு மொழியிலும் சொல்லியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. காய்ச்சலுக்கு மருந்து வாங்கிய அவர், உறையில் "வேளைக்கு ஒன்று, மூன்று வேளை" என்று எழுதியிருப்பதைக் காட்டிக் கேட்கிறார் என்று கொள்வோம். "வேலை" அவருக்கு நன்கு தெரிந்த சொல். இந்தியில் லகர, ளகர வேறுபாடு இல்லாததால் "வேளைக்கு" என்பதும் அவர் காதுக்கு "வேலைக்கு" என்றே விழும். வேலைக்குப் போகும்போது ஒன்று என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு ஒரு மாத்திரைதான் உள்ளே போகும், வேண்டியதோ மூன்று. சொற்பிரிப்பும் காலை வாரும்: "ஒரு வேளை" என்றால் ஒரு பொழுது, "ஒருவேளை" என்றால் இருந்தாலும் இருக்கலாம் என்று பொருள். தமிழிலேயே விளக்கினால் அவர் தலையாட்டுவார். ஆனால் புரியாமல் போனது அவருக்கே தெரியாது. தெரியாத சொல் என்றால் நிறுத்திக் கேட்பார். தெரிந்த சொல் என்று எண்ணியதால் கேட்க மாட்டார்.

எனவே மருந்தின் அளவு, பணம், தேதி, கையெழுத்திடும் தாள் ஆகியவற்றில் ஆசிரியர் இரு மொழியிலும் எழுதிவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை?" என்று கேட்டு, "மூன்று" என்று எண்ணாகவே பதில் வாங்க வேண்டும். "புரிந்ததா?" என்ற கேள்வி இங்கே பயன்படாது, அதற்கு எல்லாரும் ஆம் என்பார்கள். காய்ச்சல் தணிந்த பிறகு அதே உறையை எடுத்து, காலை வேளை, மதிய வேளை, இரவு வேளை என்று தமிழிலேயே பாடமாக்கலாம். அப்போது அவர் வேலை, வேளை என்று நான்கைந்து முறை தவறாகச் சொன்னாலும் ஒன்றும் கெட்டுவிடாது.