ஷீட்டை அழித்தாச்சு... ஆனா அக்காவோட போன் நம்பர் இன்னும் இருக்கே!

``கண்ணு, அன்னைக்கு உன் காலேஜ் வேலைக்குன்னு ஒரு ஃபார்ம் நிரப்பச் சொன்னியே... அதுல இருக்குற என் நம்பரை எடுத்துடுறியா?"

மதுரையில் பி.காம் படிக்கும் ஒரு மாணவியிடம் பக்கத்து வீட்டு அக்கா இப்படிக் கேட்டபோது, ப்ராஜெக்ட் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. `குடும்பங்களின் ஆன்லைன் ஷாப்பிங் செலவு' என்பதுதான் தலைப்பு. தெரு, உறவு, அம்மாவின் தோழிகள் என்று 112 பேர் கூகுள் ஃபார்மில் பதில் தந்திருந்தார்கள். பெயர், போன் நம்பர், வயது, தெரு, மாத வருமானம் எல்லாம் அதில் இருந்தன.

``இதோ இப்பவே எடுத்துடுறேன்க்கா" என்று சொன்ன மாணவி, ஃபார்முடன் இருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டு, பதில்கள் சேர்ந்திருந்த ஷீட்டை டிரைவிலிருந்து நீக்கினார். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தார்.

மறு வாரம் வைவாவுக்காக ஒரு கணக்கு தேவைப்பட்டது. ஃபார்மைத் திறந்தவர், `Link to Sheets' என்ற பொத்தானைத் தொட்டார். அடுத்த நொடி, புத்தம்புது ஷீட் ஒன்று திறந்தது. அதில் 112 வரிசைகளும் இருந்தன. அக்காவின் நம்பரும் இருந்தது.

எது அசல், எது நகல்?

பலரும் ஷீட்டைத்தான் அசல் என்று நினைக்கிறார்கள். கண்ணில் படுவதும், வேலை செய்வதும் அதில்தானே. உண்மை நேர்மாறானது. பதில்கள் முதலில் சேர்வது ஃபார்முக்குள். ஷீட்டில் இருப்பது அவற்றின் நகல். ஷீட்டை அழித்தால் ஃபார்மில் இருப்பது போகாது. ஃபார்மில் அழித்தால் ஷீட்டில் இருப்பதும் போகாது. இரண்டையும் தனித்தனியாகத்தான் அழிக்க வேண்டும். ஃபார்மில் பதில்கள் இருக்கும்வரை, எத்தனை முறை ஷீட்டை அழித்தாலும் ஒரே தொடுதலில் இன்னொன்று முளைத்துவிடும்.

முதலில் ஃபார்ம்

போனிலேயே இதைச் செய்யலாம். பிரவுசரில் forms.google.com சென்று, ஃபார்ம் உருவாக்கிய அக்கவுன்ட்டில் நுழைந்துகொள்ளுங்கள்.

அழிப்பதற்கு முன் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ரிப்போர்ட்டுக்குத் தேவையான எண்ணிக்கைகளை மட்டும் தனியே குறித்துக்கொள்வது. `112 பேரில் இத்தனை பேர் மாதம் ஒருமுறையாவது ஆன்லைனில் வாங்குகிறார்கள்' என்ற அளவு போதும். அதில் பெயரோ நம்பரோ தேவையில்லை. இரண்டாவது, `Accepting responses' என்பதை அணைத்து, புதிய பதில்கள் வருவதை நிறுத்துவது. இதை மறந்தால், எந்த வாட்ஸ்அப் குரூப்பிலோ கிடக்கும் பழைய லிங்க்கைப் பார்த்து யாராவது மறுபடியும் நிரப்பிவிடுவார்கள்.

அடுத்து `Responses' பகுதிக்குச் செல்லுங்கள். அங்குள்ள மூன்று புள்ளி மெனுவில் முதலில் `Unlink form' கொடுத்து ஷீட்டைப் பிரித்துவிடுங்கள். பிறகு அதே மெனுவில் `Delete all responses' கொடுங்கள். இதைத் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் எண்ணிக்கைகளை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். பதில்களின் எண்ணிக்கை 0 என்று காட்டினால் ஃபார்ம் காலி.

பிறகு ஷீட்

ஷீட்டைத் திறந்து வரிசைகளை மட்டும் அழிப்பது போதாது. ஷீட்டின் `Version history'யில் பழைய நிலை அப்படியே பதிவாகியிருக்கும். எடிட் செய்யும் அனுமதி உள்ள யாரும் நேற்றைய ஷீட்டை இன்று மீட்டுவிட முடியும். எனவே ஃபைலையே மொத்தமாக நீக்க வேண்டும்.

டிரைவில் நீக்கிய ஃபைல் உடனே மறைவதில்லை. `Trash' பகுதியில் 30 நாள்கள் இருக்கும். அதுவரை, ஏற்கெனவே அனுமதி பெற்றவர்களால் அதைத் திறக்கவும் முடியும். ஆகவே `Trash' உள்ளே போய் `Delete forever' கொடுத்தால்தான் கதை முடியும்.

இதை ஃபைலின் உரிமையாளர்தான் செய்ய முடியும். டீமில் இன்னொருவர் பெயரில் ஷீட் இருந்தால், உங்கள் டிரைவிலிருந்து நீக்குவது உங்கள் கண்ணிலிருந்து மறைப்பது மட்டும்தான். அவரிடம் சொல்லி நீக்கச் சொல்ல வேண்டும்.

ஒருவர் மட்டும் கேட்டால்?

ப்ராஜெக்ட் இன்னும் முடியவில்லை. ஒருவர் மட்டும் தன் விவரத்தை எடுக்கச் சொல்கிறார் என்றால் எல்லோருடையதையும் அழிக்கத் தேவையில்லை. `Responses' பகுதியில் `Individual' என்பதைத் தொட்டு, அவருடைய பதிலுக்குச் சென்று, குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தினால் அது மட்டும் போகும். பிறகு பழைய ஷீட்டைப் பிரித்து முழுதாக நீக்கிவிட்டு, `Link to Sheets' மூலம் புதிய ஷீட் எடுத்துக்கொள்ளலாம். மாணவியைத் திகைக்க வைத்த அதே பொத்தான், இங்கே உதவிக்கு வருகிறது. புதிய ஷீட்டில் மற்ற 111 பேர் இருப்பார்கள், அவர் இருக்கமாட்டார். பழைய வெர்ஷனும் இருக்காது. ஆனால், பழைய ஷீட்டில் போட்டுவைத்த ஃபார்முலாக்களும் சார்ட்டுகளும் போய்விடும். அவற்றை மறுபடி போட வேண்டியிருக்கும்.

ஒளிந்திருக்கும் நகல்கள்

அந்த மாணவி இரண்டாவது முறை எல்லாவற்றையும் முறையாக அழித்த பிறகு, ஒரு சோதனை செய்து பார்த்தார். டிரைவின் தேடல் கட்டத்தில் அக்காவின் போன் நம்பரை டைப் செய்தார். `ஃபைனல் காப்பி' என்ற பெயரில் ஒரு ஷீட் வந்து நின்றது. சார்ட் போடுவதற்காக அவரே என்றோ எடுத்த நகல். ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துகளையும் டிரைவ் தேடும் என்பதால் இந்தச் சோதனை பலன் தருகிறது. ஜிமெயிலிலும் இதே நம்பரைத் தேடிப் பார்க்கலாம்.

தேடலில் சிக்காத நகல்களும் உண்டு. டவுன்லோடு செய்த .csv ஃபைல் போனின் `Downloads' ஃபோல்டரில் கிடக்கும். டீம் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பியது ஒவ்வொருவர் போனிலும் இருக்கும். ஃபார்மில் போட்டோவோ பில்லோ அப்லோடு செய்யச் சொல்லியிருந்தால், அவை ஃபார்ம் உரிமையாளரின் டிரைவில் `File responses' என்று முடியும் தனி ஃபோல்டரில் இருக்கும். பதில்களை அழித்தாலும் இந்த ஃபோல்டர் போகாது. அதையும் தனியே நீக்க வேண்டும்.

மாணவி டீமில் இருந்த மற்ற நால்வருக்கும் போன் செய்தார். இருவரிடம் .csv ஃபைல் இருந்தது. ஒருவர் தன் அக்கவுன்ட்டில் நகல் எடுத்து வைத்திருந்தார். மூன்றும் அன்று மாலையே போயின.

இவ்வளவு செய்தாலும் எல்லை ஒன்று உண்டு. நாம் அழித்த தகவல் தன் சர்வர்களிலிருந்து முழுமையாக நீங்கப் பொதுவாக 2 மாதங்களும், பேக்கப்பிலிருந்து நீங்க 6 மாதங்கள் வரையும் ஆகலாம் என்கிறது கூகுள். யாராவது எடுத்துவைத்த ஸ்க்ரீன்ஷாட்டை எந்த பட்டனும் அழிக்காது.

அதனால் அடுத்த செமஸ்டர் ஃபார்மில் அந்த மாணவி பெயர், போன் நம்பர் என்ற இரண்டு கேள்விகளையும் வைக்கவில்லை. செலவுக் கணக்குக்கு அவை தேவைப்படவே இல்லை என்பது முதல் ப்ராஜெக்ட்டிலேயே தெரிந்துவிட்டது. வயதுக்குக்கூட `26 - 35' என்பது போன்ற பிரிவுகள்தான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் அந்த ஃபார்மையும் நீட்டினார். முதல் கேள்வியைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டார்: ``என்னடி, இதுல பேரே கேக்கல?"

``வேணாம்க்கா... எவ்ளோ செலவு பண்றீங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."