பட்டைக்குள் ஒரு குட்டிப் படம்

ஜவுளிக்கடை ஒன்றுக்கு மதுரையிலும் தேனியிலும் கிளைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை மதுரையில் 48 லட்சம், தேனியில் 12 லட்சம். பட்டை வரைபடத்தில் ஒன்று உயரமாகவும் மற்றொன்று குட்டையாகவும் நிற்கும். ஆனால் அந்த 12 லட்சம் மாதாமாதம் சீராக வந்ததா, தீபாவளி மாதத்தில் மட்டும் கொட்டியதா என்பதைப் பட்டை சொல்லாது. மவுஸை அதன்மேல் கொண்டுபோனதும் மாத விற்பனையைக் காட்டும் சின்னக் கோட்டுப்படம் எழும்பினால், விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பவர் பிஐ மென்பொருளில் இந்தக் குட்டிப் படம் உண்மையில் தனிப் பக்கம். அறிக்கையில் புதுப் பக்கம் சேர்த்து, `Allow use as tooltip` என்பதை இயக்க வேண்டும். பக்க வகையை `Tooltip` என்று மாற்றினால் அளவு 320-க்கு 240 பிக்சலாகச் சுருங்கும். அதில் கோட்டுப்படத்தை வரைந்து, பட்டை வரைபடத்தின் டூல்டிப் அமைப்பில் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். கிளைக்கு ஒரு படம் வரைய வேண்டியதில்லை. தேனிப் பட்டையைத் தொட்டதும் 'கிளை = தேனி' என்ற வடிகட்டி அந்தப் பக்கத்துக்குப் போகிறது; தேனிக் கணக்கு மட்டும் மிஞ்சுகிறது.

அந்த வடிகட்டியே சில சமயம் காலை வாரிவிடும். கிளைகளுக்குப் பதில் மாதங்களைப் பட்டைகளாக வைத்து, உள்ளே அதே மாதக் கோட்டை வரைந்தால், அக்டோபரைத் தொடும்போது ஒரே ஒரு புள்ளிதான் தெரியும். மற்ற மாதங்களை வடிகட்டி ஒதுக்கிவிட்டது. அங்கே நாள்வாரி விற்பனையைக் காட்டுவதுதான் பொருந்தும்.

இதைவிட மோசமான பிழை ஒன்று உண்டு. படம் சரியாக இருப்பதுபோலவே தோன்றுவதால் யாரும் கவனிப்பதில்லை. தேனியின் தீபாவளி மாத விற்பனை 2 லட்சம், மதுரையில் 8 லட்சம் என்போம். குட்டிப் படத்தின் செங்குத்து அளவுகோல் ஒவ்வொரு முறையும் எழும் கணக்குக்கு ஏற்பத் தானாக மாறும். தேனிக்கு அது 2 லட்சத்தை ஒட்டி முடியும், மதுரைக்கு 8 லட்சத்தை ஒட்டி. அதனால் இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒரே உயரத்துக்கு எழும். இரண்டு கிளைகளுக்கும் ஒரே தீபாவளி என்று முதலாளி நினைத்துவிடுவார். பட்டையிலிருந்து பட்டைக்கு மவுஸை நகர்த்தி, ஓரத்து எண்கள் மாறுகின்றனவா என்று பார்த்தால் பிழை பிடிபடும். அளவுகோலின் தொடக்கத்தை 0 என்றும் முடிவை 10 லட்சம் என்றும் நிலைநிறுத்திவிட்டால் தேனிக்கோடு தாழ்ந்துதான் ஓடும். அதுதான் உண்மை.

மவுஸை எடுத்ததும் இந்தப் படம் மறைந்துவிடும். அச்செடுத்த தாளிலும் வராது. முடிவெடுக்கத் தேவையான எண்ணை இதற்குள் ஒளித்துவைக்காதீர்கள். அதை முதன்மைப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.