ஆயிரம் மெயிலும் ஒரு கடைசித் தேதியும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் கிளார்க்காக இருக்கிறார் அவர். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்று மாதத் தொடக்கத்தில் விடுப்பு எடுத்தவர், 19ஆம் தேதி காலை வந்து உட்கார்ந்தபோது படிக்காத மெயில்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. மறுநாள் 20. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்கும் நிறுவனங்கள் முந்தைய மாதத்துக்கான 3பி படிவத்தைத் தாக்கல் செய்ய வழக்கமாக அதுதான் கடைசி நாள். தவறினால் வரிப் பணத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டி, அதற்கு மேல் தாமதக் கட்டணம். ஆக, அந்த ஆயிரத்துக்குள் எங்கோ இருக்கும் சில மெயில்களை அன்று மதியத்துக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட நாளில் பெரும்பாலானவர்கள் பழைய மெயிலிலிருந்து வரிசையாகப் படித்து வருவார்கள். நேர்மையான வழிதான், ஆனால் ஆபத்தானது. இரண்டு வாரத்துக்கு முன் வந்த “பணம் எப்போது வரும்?” என்ற கேள்விக்கு இன்று பதில் போட்டுப் பணத்தையும் அனுப்பிய பிறகுதான், போன வாரமே அது பட்டுவாடா ஆகிவிட்டது தெரியவரும். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போவது பல சமயம் இப்படித்தான்.

அவர் மெயிலைத் திறப்பதற்கு முன் பக்கத்து மேசைக்குப் போனார். விடுப்பில் அவருடைய வேலையைச் சேர்த்துப் பார்த்த இளைஞரிடம் என்னென்ன முடிந்தது என்று கேட்டார். “நூல் மில் பில்லு மூணும் போட்டாச்சுங்க்கா. சாயப்பட்டறைக்கு ஒண்ணு நிக்குது. ஆடிட்டர் ஆபீஸ்ல ரெண்டு தடவை போன் பண்ணுனாங்க, விவரம் உங்க மெயிலுக்கு அனுப்பியிருக்காங்களாம்.” அந்தப் பேச்சுக்குப் பிறகு, எதைத் தேட வேண்டும், எதற்குப் பதில் போடவே கூடாது என்று இரண்டு பட்டியல்கள் அவர் கையில் இருந்தன.

அடுத்தது பிரிப்பது. தேதியைப் பார்க்காமல், யார் அனுப்பியது, யாருக்கு அனுப்பியது என்று பார்த்துப் பிரித்தார். அவருடைய அலுவலகத்தில் இருப்பது ஜிமெயில். வங்கியிலிருந்து வரும் வரவு செலவு அறிவிப்புகள், கூரியர் நிலவரம், இ-வே பில் நகல்கள் என மனிதக் கை படாமல் வரும் மெயில்களே அறுநூறு போல இருந்தன. ஒவ்வொரு அனுப்புநர் பெயரையும் தேடலில் போட்டு, மேலே உள்ள கட்டத்தில் டிக் செய்தார். அந்த டிக் திரையில் தெரியும் ஒரு பக்கத்தை மட்டும்தான் எடுக்கும். அதற்கு மேலே சின்னதாக ஒரு வரி தோன்றும், தேடலுக்குப் பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்கவா என்று. அதை அழுத்தினால்தான் மொத்தமும் வரும். எதையும் அழிக்கவில்லை, ஆர்க்கைவ் செய்தார். ஆர்க்கைவ் செய்த மெயில் இன்பாக்ஸை விட்டுப் போனாலும் தேடினால் கிடைக்கும், யாராவது பதில் போட்டால் தானாகத் திரும்பி வரும். அழித்த மெயிலோ குப்பையில் 30 நாள் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். கணக்குப் பிரிவில் ஒரு பழைய மெயில் எப்போது சாட்சியாகத் தேவைப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மீதி நானூறு. இதில் அவரை நேரடியாகக் கேட்டது எது, தகவலுக்காக நகல் வந்தது எது என்று பிரிக்க இந்தத் தேடல்:

```
in:inbox is:unread to:me -cc:me
```

பெறுநர் இடத்தில் அவர் முகவரி இருந்து, நகல் இடத்தில் இல்லாத மெயில்கள் மட்டும் திரையில் நின்றன. நூற்றுக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் இந்தத் தேடலில் ஓர் ஓட்டை உண்டு. அக்கவுண்ட்ஸ் பிரிவின் பொது முகவரிக்கு வந்த மெயில் இதில் சிக்காது. சப்ளையர்களில் பாதிப்பேர் அதற்குத்தான் எழுதுகிறார்கள். அதனால் பொது முகவரியைப் போட்டு இன்னொரு முறை தேடினார். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் “எனக்கு மெயிலே வரவில்லை” என்று மனமறிந்து சத்தியம் செய்வார்கள்.

ஆடிட்டர் அலுவலக மெயில் அகப்பட்டது. தேதி 15. நான்கு கொள்முதல் பில்கள் 2பி-யில் இல்லை என்று எழுதியிருந்தார்கள். விற்றவர் தன் விற்பனைக் கணக்கைப் பெரும்பாலும் 11ஆம் தேதிக்குள் பதிவேற்ற வேண்டும், 14ஆம் தேதி வாங்கியவருக்கு 2பி என்ற பட்டியல் உருவாகும். அதில் இல்லாத பில்லுக்கு நாம் கொடுத்த வரியை இந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. அந்தத் தொகையையும் சேர்த்து ரொக்கமாகக் கட்ட வேண்டும்.

அவர் அந்த மெயிலுக்கு உடனே பதில் போடவில்லை. நான்கு சப்ளையர்களின் பெயர்களையும் தனித்தனியாகத் தேடி, ஒவ்வொருவரிடமிருந்தும் கடைசியாக வந்த மெயிலை முதலில் படித்தார். சப்ஜெக்ட் வரியை மாற்றிவிட்டால் ஜிமெயில் அதைப் புதுப் பேச்சாகத் தனியே வைத்துவிடும், அதனால் கேள்வி ஓரிடத்திலும் பதில் வேறிடத்திலும் கிடக்கும். ஆள் பெயரில் தேடினால் இரண்டும் ஒன்றாக வரும். மூன்று பேர் பதிவேற்றவே இல்லை, அடுத்த மாதம்தான் வரும் என்று எழுதியிருந்தார்கள். நான்காவது சாயப்பட்டறை. அவர்கள் பதிவேற்றியதாகச் சொன்னார்கள். 2பி பட்டியலைத் திறந்து தொகையை வைத்துத் தேடினால் பில் இருந்தது, பில் எண்ணில் ஒரு சாய்கோடு விடுபட்டிருந்தது, அவ்வளவுதான். ஒன்று சரியாயிற்று. மூன்றுக்கான வரியை ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று முதலாளிக்குப் பதினொரு மணிக்கெல்லாம் சொல்லிவிட்டார். மறுநாள் மாலை சொல்லியிருந்தால் போர்ட்டலில் பணம் ஏறுவதற்கே நேரம் இருந்திருக்காது.

இன்னொரு மெயில் பற்றியும் சொல்ல வேண்டும். நூல் மில்லிலிருந்து வந்ததுபோல் இருந்தது. பழைய உரையாடல் கீழே அப்படியே ஒட்டியிருந்தது. எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, பாக்கியை இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள், அவசரம் என்றது. விடுப்பு முடிந்து வந்தவர் இதில் விழுவது எளிது. எல்லாமே தாமதமாகிவிட்டது என்ற பதற்றம், கேட்பவர் பழக்கமானவர். அவர் அனுப்புநர் பெயரை அழுத்தி முழு முகவரியைப் பார்த்தார், மில்லின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. மெயிலில் கொடுத்திருந்த எண்ணை விட்டுவிட்டு, பழைய பில்லில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசினார். கணக்கு எதுவும் மாறவில்லை என்றார்கள். முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தாலும் இந்த போன் அவசியம் என்பேன், ஏனென்றால் சில சமயம் சப்ளையரின் மெயில் பெட்டியே திருடர் கையில் இருக்கும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

பிரிக்கும்போது அவர் கடைப்பிடித்த ஒரு பழக்கம் எனக்குப் பிடித்தது. திறந்த மெயிலுக்கு அப்போதே பதில் போட முடியாவிட்டால் நட்சத்திரக் குறி இட்டார். திறந்தவுடன் தடித்த எழுத்து மெலிந்துவிடும், பிறகு அது படித்த மெயில்களோடு கலந்து மறைந்துவிடும். படிக்காதது என்ற அடையாளத்தை நம்பி வேலையைக் கணக்கு வைப்பவர்கள் முக்கியமானதைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

ஜெர்மனியில் டைம்லர் நிறுவனம் 2014இல் ஒரு வசதி செய்து கொடுத்தது. விடுமுறையில் இருப்பவர் விரும்பினால் அவருக்கு வரும் மெயில் தானாக அழிந்துவிடும், அவசரமென்றால் யாரைக் கேட்பது என்று அனுப்பியவருக்குத் தகவல் போகும். ஊழியரை மதிக்கும் ஏற்பாடு அது. ஆனால் பில்லும் ஆதாரமும் மெயிலிலேயே வரும் கணக்குப் பிரிவில் அழித்தலுக்கு இடமில்லை. அங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது, அனுப்பியவருக்கு அன்றே வேறொரு ஆளைக் காட்டுவது.

20ஆம் தேதி பிற்பகல் 3பி தாக்கலானது. நட்சத்திரம் இட்டவற்றில் முப்பது போல அந்த வாரம் முழுக்க நீண்டன. நகலாக வந்தவற்றைத் தலைப்பை மட்டும் பார்த்து ஆர்க்கைவ் செய்தார். வங்கி அறிவிப்புகள் இனி இன்பாக்ஸுக்கு வராமல் தனி லேபிளுக்குப் போக ஃபில்டர் போட்டார். ஆடிட்டர் அலுவலகத்துக்கு ஒரு கோரிக்கை அனுப்பினார்: 2பி விவரம் இனிமேல் பொது முகவரிக்கும் வர வேண்டும்.